15 சதவீதம் ஏத்தி 15 சதவீதம் இறக்கினேன், 18 ரூபாய் எங்கே போச்சு?

தேனி பாத்திரக்கடை — 26 செப்டம்பர் 2025, இரவு 9.50

மூணு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். சித்திரை மாசம் வரைக்கும் 800 ரூபாய், வரி தனி. மொத்த வியாபாரி 15 சதவீதம் ஏத்தினார், நானும் 15 சதவீதம் ஏத்தி 920 போட்டேன். இப்போ "15 சதவீதம் இறங்கிருச்சு, பழைய ரேட்தான்"னு போன்ல சொல்றார். நானும் 920ல 15 சதவீதம் கழிச்சேன். 800 வரணும்ல? 782 வருது. மூணு தடவை போட்டாச்சு. பில் போடுற பையன் வேற கால்குலேட்டர்ல MU பொத்தானை அமுக்கி ஏத்திப் பார்த்தான், அதுல 920க்குப் பதிலா 941.18 வருது. எந்த மெஷின் கெட்டுப்போச்சு? சீட்டு மாத்தி ஒட்டணும், சீக்கிரம் சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை — 26 செப்டம்பர், இரவு 10.15

ரெண்டு மெஷினும் சரியாத்தான் இருக்கு அண்ணே.

ஏத்தும்போது 15 சதவீதம் எதுல எடுத்தீங்க? 800ல. அது 120 ரூபாய். இறக்கும்போது எதுல எடுத்தீங்க? 920ல. அது 138 ரூபாய். 120 ஏத்திட்டு 138 இறக்கியிருக்கீங்க. 18 ரூபாய் அங்கதான் போச்சு. சதவீதம் ஒண்ணுதான், ஆனா எந்தத் தொகைக்கு எடுத்தோம்ங்கிறது மாறிப்போச்சு.

இன்னும் நெருக்கமாப் பாருங்க. ஏத்தின 120 ரூபாயும் இப்போ விலைக்குள்ள உட்கார்ந்திருக்கு. அதுக்கும் சேர்த்து 15 சதவீதம் கழிச்சிட்டீங்க. 120ல 15 சதவீதம் எவ்வளவு? சரியா 18.

சீட்டுல 800 ஒட்டுங்க, 782 வேண்டாம். MU பொத்தானைப் பத்தி நாளைக்கு எழுதுறேன்.

கார்னர் ஸ்டோர் — 26 செப்டம்பர், இரவு 10.40

முதல்ல ஏத்திட்டு அப்புறம் இறக்கினதாலதான் நஷ்டம். ஏத்தம் சின்னத் தொகையில, இறக்கம் பெரிய தொகையில. இதையே மாத்தி, முதல்ல இறக்கிட்டு அப்புறம் ஏத்தியிருந்தா 18 ரூபாய் கூடத்தான் வந்திருக்கும். அதனால விலை குறையுற சீசன்ல ஆரம்பிக்கிறவனுக்கு லாபம்.

கணக்குப்பிள்ளை — 26 செப்டம்பர், இரவு 10.55

பாதி சரி. தொகை மாறுறதுதான் காரணம்னு சொன்னது சரி. ஆனா வரிசையை மாத்தினா லாபம் வராது, போட்டுப் பாருங்க. 800ல 15 சதவீதம் இறக்கினா 680. 680ல 15 சதவீதம் ஏத்தினா 102 ரூபாய், மொத்தம் 782. அதே 782.

முதல்ல இறக்கினா, ஏத்தம் சின்னத் தொகையில விழுது. 120 கழிச்சிட்டு 102தான் சேர்க்கிறோம். எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் அந்த 18 கிடைக்காது.

கார்னர் ஸ்டோர் — 26 செப்டம்பர், இரவு 11.05

போட்டுப் பார்த்தேன், 782தான். ஒத்துக்கிறேன். அப்போ மனசுல வச்சுக்க ஒரு வழி: 20 ஏத்தி 20 இறக்கினா 4 சதவீதம் போகும்னு தெரியும். அந்தக் கணக்குல 15க்கு 3 சதவீதம். சரியா?

கணக்குப்பிள்ளை — 27 செப்டம்பர், காலை 6.30

20க்கு 4 சரி. 15க்கு 3 வராது, 2.25தான். 800ல 3 சதவீதம்னா 24 ரூபாய், இங்க போனது 18.

அந்தச் சதவீதத்தை அதே சதவீதத்தால பெருக்கி 100ஆல வகுக்கணும். 10க்கு 10ஐப் பெருக்கினா 100, வகுத்தா 1. 15க்கு 225, அதாவது 2.25. 30க்கு 9. 50க்கு 25. சதவீதம் ரெண்டு மடங்கானா போற பணம் நாலு மடங்காகும். அதனாலதான் 5 சதவீதம் ஏத்தி இறக்குற கடையில யாரும் இதைக் கவனிக்கிறதில்லை, போறது கால் சதவீதம்தான். 30 சதவீதம் ஏத்திட்டு 30 சதவீத ஆஃபர் போடுற கடையில 9 சதவீதம் போகுது. எத்தனையோ சாமானுக்கு மொத்த லாபமே அவ்வளவுதான்.

பழைய நோட்டு — 27 செப்டம்பர், காலை 7.10

தம்பிகளா, இதுக்குப் பெருக்கல் வகுத்தல் எல்லாம் வேண்டாம். அணாக் கணக்குல ஒரு நிமிஷம் யோசிங்க.

ஒரு ரூபாய்க்கு 16 அணா. 16 அணா சாமானை நாலணா ஏத்தினா 20 அணா. நாலுல ஒரு பங்கு ஏத்தியிருக்கோம். இப்போ பழைய விலைக்கு வரணும்னா எடுக்க வேண்டியது அதே நாலணாதான். ஆனா 20 அணாவுல நாலணாங்கிறது அஞ்சுல ஒரு பங்கு. அங்க போய் நாலுல ஒரு பங்கு எடுத்தா அஞ்சணா போயிடும், 15 அணாதான் கையில நிக்கும். ஒரு அணா, அதாவது ஒரு வீசம், காணாமப் போச்சு.

அதனால நாலுல ஒண்ணு ஏத்தினா அஞ்சுல ஒண்ணு இறக்கு. அஞ்சுல ஒண்ணு ஏத்தினா ஆறுல ஒண்ணு. பாதி ஏத்தினா மூணுல ஒண்ணு. பத்துல ஒண்ணு ஏத்தினா பதினொண்ணுல ஒண்ணு. கீழே இருக்கிற எண் ஒண்ணு கூடும், அவ்வளவுதான்.

கார்னர் ஸ்டோர் — 27 செப்டம்பர், காலை 7.25

ஐயா, 15 சதவீதம் அப்படி இத்தனையில ஒரு பங்குன்னு வராதே?

பழைய நோட்டு — 27 செப்டம்பர், காலை 7.45

வராது. இருபதுல மூணு பங்குன்னு வரும். அப்போ விலையை இருபது கூறாப் போடு. 800ஐ இருபது கூறாக்கினா கூறு 40. மூணு கூறு ஏத்தினா இருபத்துமூணு கூறு, 920. திரும்பி வர, இருபத்துமூணுல மூணு கூறு எடு. 120. வந்தாச்சு 800. எத்தனை கூறு ஏத்தினியோ அத்தனை கூறுதான் எடுக்கணும். நீ எடுத்தது மூணு கூறு இல்ல, மூணு கூறுக்கு மேல 18 ரூபாய்.

பழைய நோட்டு — 27 செப்டம்பர், காலை 8.00

கடைசி வரியைக் கூறுக் கணக்குலயும் சொல்லிடுறேன். 138 ரூபாயை 40ஆல வகுத்தா 3.45. மூணே கால் கூறும் தாண்டி, மூணரைக்குச் சற்றுக் குறைவு.

ஈரோடு ரெடிமேட் — 27 செப்டம்பர், மதியம் 1.20

என் கேள்வியும் இதேதான்னு நினைக்கிறேன். சொந்தத் தையல் யூனிட், ஆண்கள் சட்டை. ஒரு சட்டை 1000 ரூபாய் கைக்கு வந்தாப் போதும். தீபாவளிக்கு 20 சதவீதம் தள்ளுபடி போர்டு வைக்கணும். அதனால 20 சதவீதம் ஏத்தி 1200 சீட்டு அடிச்சேன். பில்லுல 960 வருது. சட்டைக்கு 40 ரூபாய் போகுது, 500 சட்டை இருக்கு.

கணக்குப்பிள்ளை — 27 செப்டம்பர், மதியம் 2.05

அக்கா, உங்களுது அதே கேள்வியோட மறுபக்கம். தேனி அண்ணன் ஏத்தினதை எவ்வளவு இறக்கினா பழைய இடம் வரும்னு கேட்கிறார். நீங்க, இவ்வளவு இறக்கப் போறேன், அதுக்கு முன்னாடி எவ்வளவு ஏத்தணும்னு கேட்கிறீங்க.

20 சதவீதம் தள்ளுபடின்னா சீட்டு விலையில 80 சதவீதம் உங்க கைக்கு வருது. அந்த 80 சதவீதம்தான் 1000 ரூபாய். 1000ஐ 0.80ஆல வகுங்க, 1250. அதாவது ஏத்தம் 25 சதவீதம். 1200ல 500 சட்டையும் போனா 20,000 ரூபாய் குறையும்.

பையன் அமுக்கின MU இதைத்தான் செய்யுது. பல கடைக் கால்குலேட்டர்ல 800 MU 15னு போட்டா, 15 சதவீதம் கழிச்ச பிறகு 800 நிக்கிற மாதிரி விலையைத் தரும், அதுதான் 941.18. அதுல 15 சதவீதம் கழிச்சா 800 வரும். எல்லா மெஷினும் ஒரே மாதிரி இல்லை, அதனால முதல்ல 100 MU 20 போட்டுப் பாருங்க. 125 வந்தா அது தள்ளுபடிக்கு முன்னாடி விலை கண்டுபிடிக்கிற பொத்தான். 120 வந்தா சும்மா கூட்டுற பொத்தான். எதுன்னு தெரியாம பில் மேசையில அதைத் தொடவே கூடாது.

கார்னர் ஸ்டோர் — 27 செப்டம்பர், மதியம் 2.30

1250 அடிச்சு 1000க்கு விக்கிறது நேர்மையான தள்ளுபடியா? ஏற்கனவே 1000க்கு வித்த சட்டைதானே.

கணக்குப்பிள்ளை — 27 செப்டம்பர், மாலை 5.10

கணக்கு சொன்னேன், இதையும் சேர்த்தே சொல்லியிருக்கணும். 1250க்கு ஒரு நாளும் விக்காத சட்டைக்கு "1250ல இருந்து 20 சதவீதம் குறைப்பு"ன்னு போர்டு வச்சா, அது வாடிக்கையாளரைத் தப்பா நினைக்க வைக்கிற விளம்பரம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல அதுக்கு நடவடிக்கை உண்டு. அதோட, எம்.ஆர்.பி. அச்சடிச்சு வந்த சரக்குல மேல சீட்டு ஒட்டி விலையை ஏத்தவே கூடாது. குறைச்சு ஒட்டலாம், அப்பவும் பழைய விலை மறையக் கூடாது.

ஈரோடு ரெடிமேட் — 27 செப்டம்பர், மாலை 6.00

புது டிசைன், இதுவரைக்கும் விக்கவே இல்லை. முதல் நாள் விலையே 1250தான்னா?

கார்னர் ஸ்டோர் — 27 செப்டம்பர், மாலை 6.15

அப்பவும் 1250க்கு வாங்கின ஆள் ஒருத்தரும் இல்லையே. எனக்கு அது சரியாப் படலை. 1000ன்னே எழுதி விக்கலாம்.

தேனி பாத்திரக்கடை — 28 செப்டம்பர், காலை 10.30

என் இழையில சட்டை ஓடுது. இருக்கட்டும், 1250 கணக்கு எனக்கும் ஆகும்.

ஒரு சந்தேகம். 800 ஒட்டச் சொன்னீங்க. ஆனா வியாபாரியும் 15 சதவீதம்தானே இறக்கினார்? அவரும் என்னை மாதிரியே கழிச்சிருந்தா எனக்கு அடக்கமும் குறைஞ்சிருக்கணுமே. அடக்கம் முன்னாடி 680, ஏத்தின பிறகு 782.

கணக்குப்பிள்ளை — 28 செப்டம்பர், காலை 11.00

சரியான இடத்துல பிடிச்சீங்க அண்ணே. 800 ஒட்டுங்கன்னு அன்னிக்கு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். வியாபாரி வாயில சொன்ன சதவீதத்தை வச்சு விலை போட முடியாது. புது பில்லுல ரூபாய் எவ்வளவுன்னு பார்க்கணும்.

ரெண்டு வழி இருக்கு. பில்லுல 680 இருந்தா அவர் நிஜமாவே பழைய ரேட்டுக்கு வந்துட்டார். 782ல இருந்து 680க்கு வர்றது 15 சதவீத இறக்கம் இல்லை, 13 சதவீதம்தான். வாய் வழக்கத்துல 15ன்னு சொல்றார். அப்போ நீங்க 782க்கு வித்தா ஒண்ணுக்கு 120 ரூபாய் நின்ன இடத்துல 102 ரூபாய்தான் நிக்கும்.

பில்லுல 664.70 இருந்தா அவர் 782ல நிஜமா 15 சதவீதம் கழிச்சிருக்கார். அப்போ 782க்கு வித்தாலும் உங்களுக்கு 117.30 நிக்கும். விற்ற விலையில லாபம் முன்னாடி எவ்வளவு பங்கோ இப்பவும் அதே பங்கு, 15 சதவீதம். ரூபாயா மட்டும் 2.70 குறைவு. வாடகையும் சம்பளமும் ரூபாயில போறதால அதையும் நினைப்புல வைங்க, ஆனா பதற வேண்டாம்.

தேனி பாத்திரக்கடை — 28 செப்டம்பர், இரவு 9.15

பில்லை எடுத்துப் பார்த்தேன். கேரியர் 680. ஆனா அதே பில்லுல வடைச்சட்டி 332.35 போட்டிருக்கு. வடைச்சட்டி முன்னாடி அடக்கம் 340, ஏத்தம் வந்த பிறகு 391. ஒரே ஆள், ஒரே பில், ரெண்டு விதமா இருக்கு.

கணக்குப்பிள்ளை — 28 செப்டம்பர், இரவு 9.40

391ல 15 சதவீதம் கழிச்சா 332.35. ஆக வடைச்சட்டியில நிஜ 15 சதவீத இறக்கம், கேரியர்ல பழைய ரேட். கேரியரை 800க்குக் கொண்டு வாங்க. வடைச்சட்டி 400ல இருந்து 460 ஆகியிருக்கும், அதை 391க்கு இறக்கினா லாபப் பங்கு கெடாது.

ஏன் ரெண்டு விதம்னு பில் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு சாமானுக்கும் ரூபாய்தான் சாட்சி.

வரிக் கணக்கு மதுரை — 29 செப்டம்பர், காலை 8.20

பாத்திரக்கடைக்காரர் யாரும் இன்னும் இதைச் சொல்லலை. செப்டம்பர் 22ல இருந்து எவர்சில்வர் பாத்திரத்துக்கு ஜி.எஸ்.டி. 12ல இருந்து 5 ஆச்சு. பல கடையில "7 சதவீதம் குறைஞ்சது"ன்னு சொல்லி, வரி சேர்ந்த விலையில 7 சதவீதம் கழிக்கிறாங்க. அதே தப்புதான்.

வரியோட 1120 ரூபாய்க்கு வித்த அண்டான்னு வைங்க. அதுக்குள்ள சரக்கு 1000, வரி 120. புது வரி 50, ஆக விலை 1050. குறையுறது 70 ரூபாய். 1120ல 70ங்கிறது 6.25 சதவீதம். 1120ல 7 சதவீதம் கழிச்சா 1041.60 ஆகும், 8.40 கூடுதலா விட்டுக்கொடுத்திருக்கீங்க. அதுலயும் வரி கட்டிட்டுப் பார்த்தா சரக்கு விலை 1000க்குப் பதிலா 992தான் மிஞ்சும்.

வழி: முதல்ல பழைய வரியை வெளிய எடுங்க, 1.12ஆல வகுங்க. அப்புறம் புது வரியைச் சேருங்க, 1.05ஆல பெருக்குங்க. நேரா சதவீதத்துல கழிக்காதீங்க.

கார்னர் ஸ்டோர் — 29 செப்டம்பர், காலை 9.00

வரி சேர்ந்த 1120ல 12 சதவீதம் கழிச்சா 1000 வரும்னு என் கடைப் பையன் நினைச்சுட்டு இருக்கான். 985.60 வருது. இப்பத்தான் புரியுது, 12ஐச் சேர்த்தது 1000ல, கழிச்சது 1120ல.

தேனி பாத்திரக்கடை — 30 செப்டம்பர், மாலை 4.45

கம்ப்யூட்டர்ல 340 சாமான் இருக்கு. ஒவ்வொண்ணா கூறு போட முடியாது. ஒரே தடவையில மாத்த என்ன போடணும்? எக்செல்ல இருக்கு.

கணக்குப்பிள்ளை — 30 செப்டம்பர், மாலை 6.20

A பத்தியில இப்போதைய விலை, B பத்தியில முன்னாடி எத்தனை சதவீதம் ஏத்தினீங்கன்னு. பழைய விலை வேணும்னா C பத்தியில இது:

```
=A2/(1+B2/100)
```

920ம் 15ம் போட்டா 800 வரும். வியாபாரி நிஜமாவே இன்றைய விலையில கழிச்ச சாமானுக்கு மட்டும் இது:

```
=A2*(1-B2/100)
```

முதல்ல அஞ்சு சாமான்ல சோதிச்சுப் பழைய பில்லோட ஒத்துப் பாருங்க. இல்லாட்டி 340லயும் தப்பு ஒரே நேரத்துல ஏறிடும். இன்னொண்ணு, பழைய விலையை அழிக்காதீங்க, தேதி போட்டு D பத்தியில வச்சுக்கோங்க. பழைய விலை கையில இருந்தா இந்தக் கணக்கே தேவையில்லை, அந்த எண்ணைத் திரும்ப எழுதினாப் போதும்.

விலையை மேலயும் கீழயும் அடிக்கடி ஆட்டுற கடையில இது ரொம்ப முக்கியம். 800 ரூபாய் கேரியரை மூணு தடவை 15 ஏத்தி 15 இறக்கினா 747 ரூபாய் 21 காசுக்கு வந்து நிக்கும். யாரும் விலையைக் குறைக்கணும்னு முடிவு பண்ணலை, ஆனா 53 ரூபாய் குறைஞ்சிருக்கும்.

பழைய நோட்டு — 1 அக்டோபர், காலை 6.50

சரஸ்வதி பூஜைக்குக் கணக்கு நோட்டை எடுத்து வச்சிருப்பீங்க. முதல் பக்கத்துல அடக்கத்தை ரூபாயில எழுதுங்க, சதவீதத்தை எழுதாதீங்க. ரூபாய் நாளைக்கும் அதே ரூபாய். சதவீதம் எதுல எடுத்ததுன்னு நாளைக்கு நினைவிருக்காது.

தேனி பாத்திரக்கடை — 3 அக்டோபர், இரவு 8.30

சீட்டு மாத்தியாச்சு. இன்னொரு சிக்கல். ரேட் ஏறியிருந்த நேரத்துல எடுத்த ஆறு கேரியர் அலமாரியில இருக்கு. அடக்கம் 782. நான் முதல்ல ஒட்ட இருந்த விலையும் 782. அதாவது லாபமே இல்லாம வித்திருப்பேன், அதைக் கவனிக்கவே இல்லை. 800க்கு வித்தாலும் ஒண்ணுக்கு 18 ரூபாய்தான். இந்த ஆறுக்கு மட்டும் 920 வைக்கலாமா?

கணக்குப்பிள்ளை — 3 அக்டோபர், இரவு 9.10

ஒரே சாமானுக்கு ரெண்டு சீட்டு வச்சா வாடிக்கையாளர் பக்கத்து அலமாரியைக் காட்டிக் கேட்பார். புதுசா 680ல எத்தனை எடுத்தீங்க? பதினெட்டுன்னு வைங்க, ஆறும் பதினெட்டும் சேர்த்து 24க்குச் சராசரி அடக்கம் 705.50 வரும். 800க்கு வித்தா ஒண்ணுக்கு 94.50 நிக்கும். 120 வேணும்னா 825.50 வைக்கணும்.

ஈரோடு ரெடிமேட் — 3 அக்டோபர், இரவு 9.30

சராசரி போட்டா புதுச் சரக்கு வாங்குற ஆள், நீங்க ஏறின நேரத்துல வாங்கினதுக்குப் பணம் கட்டுறார். பக்கத்துக் கடை 800ல வச்சா உங்க பதினெட்டும் சேர்ந்து நின்னுடும். ஆறையும் 800க்கே தள்ளிடுங்க, தீபாவளி 20ஆம் தேதி.

பழைய நோட்டு — 4 அக்டோபர், காலை 7.00

ரேட் ஏறினப்போ 680ல எடுத்த பழைய சரக்கை 920க்கு வித்தீங்களா, 800க்கு வித்தீங்களா?

தேனி பாத்திரக்கடை — 4 அக்டோபர், காலை 9.40

920க்குத்தான் ஐயா. பத்து பீஸ் இருந்துச்சு.

பழைய நோட்டு — 4 அக்டோபர், காலை 9.55

அப்போ அந்தப் பத்துல ஒண்ணுக்கு 120 கூடுதலா வந்திருக்கு. 1200 ரூபாய். இந்த ஆறுல 800க்கு வித்தா வழக்கமான லாபத்துல ஒண்ணுக்கு 102 குறையும், மொத்தம் 612. ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதிட்டு முடிவு பண்ணு தம்பி.

தேனி பாத்திரக்கடை — 6 அக்டோபர், இரவு 10.05

800க்கே வச்சிருக்கேன். ரெண்டு போயிருக்கு. வடைச்சட்டி 391ஐ 390ன்னு முழுசாக்கலாமா, 395ஆ?